கூக்ளியும் தூஸ்ராவும்: வேலூர் வலைப்பயிற்சியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் மாலை வேளைகளில் மேட்டிங் விரித்துச் சுழற்பந்துவீச்சு கற்றுத் தருகிறேன். காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கமிருந்து வரும் பையன்களும், அவர்களை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு வலைக்குப் பின்னால் நின்று பார்க்கும் தந்தையரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தனியாகக் குறிப்பிடாத இடங்களில், வலது கைப் பந்துவீச்சாளர் வலது கை மட்டையாளருக்கு வீசுவதாகக் கொள்ளவும்.

கூக்ளி, தூஸ்ரா ரெண்டும் ஒண்ணுதானே சார்? ரெண்டுமே ஏமாத்துற பந்துதானே?

நோக்கம் ஒன்று, வீசுபவரும் திசையும் வேறு. லெக் ஸ்பின்னரின் வழக்கமான பந்து தரையில் பட்டபின் மட்டையாளரை விட்டு ஸ்லிப் பக்கம் விலகிச் செல்லும். அவரே அதே ஓட்டத்தில், அதே கைவீச்சில், உள்ளே திரும்பும் பந்தை வீசினால் அது கூக்ளி. ஆஃப் ஸ்பின்னரின் வழக்கமான பந்து உள்ளே திரும்பும். அவர் வெளியே திரும்பும் பந்தை அதே தோற்றத்தில் வீசினால் அது தூஸ்ரா. உள்ளே வரும் பந்தையெல்லாம் கூக்ளி என்று சொல்லும் பழக்கம் நம் மைதானங்களில் உண்டு. ஆஃப் ஸ்பின்னர் வீசிய சாதாரணப் பந்துக்கும் “கூக்ளி” என்று கத்துவார்கள். அது சரியல்ல.

கையில உண்மையில என்னதான் மாறுது? விரலா, மணிக்கட்டா?

விரல் செய்யும் வேலை மாறுவதில்லை. மணிக்கட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் மாறுகிறது. இந்த ஒன்று விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். உட்கார்ந்த இடத்திலேயே வலது கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்தி, எதிரே மட்டையாளர் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அவரைப் பார்க்கட்டும். இந்த நிலையை ஒட்டிய கோணத்தில் மோதிர விரலால் பந்தைச் சுண்டினால், வீசுபவரின் கண்ணுக்கு அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதுதான் லெக் ஸ்பின்.

இப்போது உள்ளங்கையை உங்கள் இடது காதை நோக்கித் திருப்புங்கள். சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு மட்டையாளரைப் பார்க்கும். அதே விரல் அதே சுண்டலைச் செய்தால் பந்து முன்னோக்கி உருண்டு, எந்தப் பக்கமும் திரும்பாமல் குதித்து நேராகப் போகும். இது டாப் ஸ்பின். இன்னும் கொஞ்சம் திருப்பி, புறங்கை மட்டையாளரைப் பார்க்கும்படி வைத்துச் சுண்டினால், பந்து சுண்டுவிரல் பக்கமாக வெளியேறி, வீசுபவரின் கண்ணுக்குக் கடிகார முள்ளின் திசையிலேயே சுழலும். அதுதான் கூக்ளி. ஆக, இவை மூன்று தனித்தனி வித்தைகள் அல்ல. ஒரே சுண்டலை மூன்று கோணங்களில் செய்வது.

அப்போ கூக்ளிக்குன்னு தனிப் பிடி கிடையாதா அண்ணா?

கிடையாது. இருக்கவும் கூடாது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே சற்று விரிந்து மேலே அமர்ந்திருக்கும். மோதிர விரல் மடங்கி, அதன் பக்கவாட்டு தையலை ஒட்டியிருக்கும். கட்டைவிரல் பெயருக்கு மட்டும் தாங்கும். லெக் ஸ்பின்னுக்கும் இதே பிடிதான். பந்தை உள்ளங்கைக்குள் அழுத்திப் பிடித்தால் மணிக்கட்டு இறுகிவிடும். பிறகு அதைத் திருப்பவே முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் விரல் வியர்த்து வழுக்கும்போது பையன்கள் தம்மை அறியாமலேயே பந்தை உள்ளே தள்ளிப் பிடிப்பதைப் பார்க்கிறேன். அந்த மாதங்களில் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கையைத் துண்டில் துடைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இதை முதல்ல யார் கண்டுபிடிச்சது?

இங்கிலாந்தின் பெர்னார்ட் பொசன்கெட். மேசைமேல் பந்தைக் குதிக்கவிட்டு எதிரே இருப்பவரை ஏமாற்றும் ஒரு விளையாட்டிலிருந்து இதைக் கண்டெடுத்து, 1900-இல் முதல்தரப் போட்டியில் வீசினார். ஆஸ்திரேலியர்கள் நெடுநாள் இதை அவர் பெயரைச் சுருக்கி “போசி” என்றே அழைத்தார்கள். ஆனால் கூக்ளியைப் பெரிய ஆயுதமாக்கியவர்கள் தென்னாப்பிரிக்கர்கள். ஷ்வார்ஸ், ஃபாக்னர், வோக்லர், ஒயிட் ஆகிய நால்வரும் 1905-06 தொடரில் இங்கிலாந்தை இதைக் கொண்டே திணறடித்தார்கள். அந்தத் தொடர் மேட்டிங் ஆடுகளங்களில் நடந்தது என்பது நமக்கு முக்கியம். காரணம் அடுத்த பதிலில்.

நம்ம மேட்டிங்ல லெக் ஸ்பின்னை விட கூக்ளிதான் ரொம்ப எகிறுது. ஏன்?

மணிக்கட்டைப் பற்றிய பதிலில் சொன்ன வரிசையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: லெக் ஸ்பின்னிலிருந்து கூக்ளிக்குப் போகும் வழியில் டாப் ஸ்பின் இருக்கிறது. பெரும்பாலான பையன்களின் மணிக்கட்டு முழுவதும் திரும்பி முடியாமல் டாப் ஸ்பின்னுக்கும் கூக்ளிக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. அதனால் அவர்கள் வீசும் கூக்ளியில் பக்கவாட்டுச் சுழற்சியோடு முன்னோக்கிய சுழற்சியும் நிறையக் கலந்திருக்கும். முன்னோக்கிச் சுழலும் பந்து காற்றில் எதிர்பார்த்ததற்கு முன்பே இறங்கும். கயிற்று மேட்டிங் அதை நன்றாகப் பற்றிக்கொள்வதால் செங்குத்தாக எழும்.

இதைப் பலவீனமாகக் கருத வேண்டியதில்லை. கொஞ்சமாகத் திரும்பி அதிகமாக எழும் கூக்ளி மட்டையின் கையுறைப் பக்கம் பட்டு ஷார்ட் லெக்கில் நிற்பவரிடம் போகும். ஆனால் மேட்டிங்கில் கிடைக்கும் துள்ளலை நம்பிப் பழகியவர் சென்னையில் மண் ஆடுகளத்துக்குப் போனால் அதே பந்து இடுப்புக்குக் கீழே வந்து அடிவாங்கும். அங்கே நீளத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோக வேண்டும்.

பந்து தரையில பட்டதும் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்த்து ஆடக் கூடாதா?

நேரம் போதாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கும். கையை விட்ட பந்து மட்டைக்கு வர முக்கால் நொடிக்குச் சற்று மேல் ஆகலாம். அது நல்ல நீளத்தில், அதாவது மட்டையிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி விழுந்தால், விழுந்தபின் மிஞ்சுவது நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். கண் பார்த்து, கை அசையத் தொடங்குவதற்கே அந்த நேரம் செலவாகிவிடும். மெதுவான பந்தைப் பின்னால் போய் ஆடும்போது மட்டும் இந்த முறை ஓரளவு கைகொடுக்கும். மற்ற நேரங்களில் முதலில் கையைப் பார்க்க வேண்டும், அது தவறினால் காற்றில் பந்தைப் பார்க்க வேண்டும். தரையைப் பார்ப்பது கடைசி வழி.

கையைப் பாருன்னு எல்லாரும் சொல்றாங்க. கையில எதைப் பாக்கறது?

பந்து வெளியேறும் கணத்தில் புறங்கை தெரிகிறதா என்று பாருங்கள். லெக் ஸ்பின்னில் பந்து விரல்களுக்கு முன்னால் தெரியும். கூக்ளியில் கைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல், சுண்டுவிரலைத் தாண்டி மேலாக எழும்பும். ஓடிவரும்போதே அவர் கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் களைத்துவிடும். கை மேலே போகும்போது, பந்து எந்த இடத்தில் வெளியேறும் என்று நினைக்கிறீர்களோ அந்த இடத்துக்குப் பார்வையைக் கொண்டுபோங்கள்.

கையில் தவறவிட்டால் தையலைப் பாருங்கள். லெக் ஸ்பின்னில் தையல் ஸ்லிப் பக்கம் சாய்ந்து சுழலும். கூக்ளியில் லெக் ஸ்லிப் பக்கம் சாயும். புதுப் பந்தில் இது நன்றாகத் தெரியும். நாற்பது ஓவர் ஆடித் தேய்ந்த பந்தில், அந்திவெளிச்சத்தில், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ரஷீத் கான் போன்றவர்களிடம் இந்த இரண்டுமே கடினம்: கைவீச்சு மிக வேகமானது, மணிக்கட்டின் மாற்றம் கண்ணுக்கு எட்டும் முன்பே பந்து வந்துவிடும்.

என் பையன் நல்லாத்தான் கூக்ளி போடறான். ஆனா ஆடறவங்க எல்லாரும் கண்டுபிடிச்சிடறாங்க. எங்க தப்பு?

பெரும்பாலும் மணிக்கட்டில் இல்லை. தோளிலும் தலையிலும்தான் இருக்கிறது. அண்மையில் ஒரு பதினான்கு வயதுப் பையனிடம் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். அவனுடைய கூக்ளி நன்றாகத் திரும்பியது, ஆனால் வலையில் ஆடிய எல்லோரும் அதைத் தெரிந்தே ஆடினார்கள். ஒரு பழைய பந்தின் பாதிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, தையலை எல்லையாக வைத்து அவனிடம் கொடுத்தேன். நான் மட்டையாளர் முனையில், வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு கைப்பேசியில் மெதுவான வேகத்தில் படம் எடுத்தேன். பந்தின் சுழற்சியில் குறையே இல்லை. சிவப்பும் வெள்ளையும் தெளிவாகப் பிரிந்து சுழன்றன. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது: லெக் ஸ்பின்னில் அவனுடைய கை காதிலிருந்து ஒரு சாண் விலகி வந்தது, கூக்ளியில் காதை உரசிக்கொண்டு வந்தது. அதற்கு இடம் கொடுக்கத் தலை இடது பக்கம் சாய்ந்து, இடது தோள் முன்கூட்டியே கீழே விழுந்தது. மட்டையாளர்கள் அவன் கையைப் பார்க்கவே இல்லை. தொப்பி சாய்வதைப் பார்த்தார்கள்.

கூக்ளிக்குக் கை கொஞ்சம் உயர்வது இயல்பு. அதை முழுக்க ஒழிக்க முடியாது. ஆகவே நேர்மாறாகச் செய்தோம்: அவனுடைய லெக் ஸ்பின்னையே சற்று உயர்ந்த கையோடு வீசவைத்தோம். இரண்டுக்கும் இடையிலிருந்த வேறுபாடு பாதியாகக் குறைந்தது. தலை சாய்வதும் நின்றது. லெக் ஸ்பின்னின் திருப்பம் கொஞ்சம் குறைந்தாலும், மறைப்பு கிடைத்தது. எப்போதும் அதிகம் வீசும் பந்தை, குறைவாக வீசும் பந்துக்கு ஒத்ததாக மாற்றுவதுதான் இதில் எளிய வழி என்பது என் கருத்து. இதை ஒப்பாத பயிற்சியாளர்களும் உண்டு.

கூக்ளி கத்துக்கிட்டதுல இருந்து லெக் ஸ்பின்னே திரும்ப மாட்டேங்குது. கை கெட்டுப் போச்சா?

கை கெடவில்லை; மணிக்கட்டு கூக்ளி நிலையிலேயே பழகிவிட்டது. லெக் ஸ்பின்னர்களுக்கு நெடுங்காலமாக உள்ள நோய் இது. அறிகுறி எளிது: லெக் ஸ்பின் என்று நினைத்து வீசிய பந்து திரும்பாமல் நேராகப் போய், வழக்கத்தைவிட உயரமாக எழும். டாப் ஸ்பின் நிலைக்கு முன்பாகவே நிற்க வேண்டிய மணிக்கட்டு அந்த நிலைக்கே போய்விடுகிறது என்பதே இதன் பொருள்.

கூக்ளியைச் சில வாரங்கள் அடியோடு நிறுத்துங்கள். ஓட்டம் இல்லாமல், நின்ற இடத்திலிருந்து, பாதித் தூரத்துக்கு, தையல் ஸ்லிப்பை நோக்கிச் சாயும்படி லெக் ஸ்பின் மட்டும் வீசுங்கள். மேலே சொன்ன இருவண்ணப் பந்து இதற்கும் உதவும். தினமும் கூக்ளி போட்டு நண்பர்களைத் திணறடிப்பதில் உள்ள இன்பம்தான் இந்தச் சிக்கலுக்கு முழுக் காரணம். தோளுக்கும் இது சுமை. ஷேன் வார்ன் 1998-இல் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு கூக்ளியை மிக அரிதாகவே வீசினார். அவருக்கு லெக் ஸ்பின்னே போதுமானதாக இருந்தது.

பெரிய பேட்ஸ்மேன்கள் இதுக்கெல்லாம் அவுட் ஆவாங்களா?

1948 ஆகஸ்ட் 14 அன்று ஓவல் மைதானத்தில் பிராட்மேன் தம் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸை ஆடவந்தார். நான்கு ரன் எடுத்திருந்தால் சராசரி 100. எரிக் ஹாலிஸின் முதல் பந்தைத் தடுத்தார். இரண்டாவது பந்து கூக்ளி; அது மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து ஸ்டம்பைச் சாய்த்தது. சராசரி 99.94-இல் நின்றது.

1999 சேப்பாக்கம் டெஸ்ட்ல சச்சின் அவுட்டானது தூஸ்ராலதான்னு அப்பா சொல்றார். நிஜமா?

அப்படித்தான் அந்த ஆட்டம் நினைவுகூரப்படுகிறது. வேலூரிலிருந்து ரயிலேறிப் போய்ப் பார்த்தவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்கு இலக்கு 271. ஐந்து விக்கெட்டுக்கு 82 என்ற நிலையிலிருந்து, முதுகுவலியோடு, சச்சின் 136 வரை கொண்டுவந்துவிட்டார். வெற்றிக்கு 17 ரன் இருக்கும்போது சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்தார். வாசிம் அக்ரம் பிடித்தார். அதன்பின் நான்கு ரன்னுக்குள் எல்லோரும் ஆட்டமிழக்க, பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றது. தூஸ்ராவை உலகறியச் செய்த சக்லைன் அந்த ஆட்டத்தில் இரு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்தார்.

தூஸ்ரா எவ்வாறு தண்டிக்கும் என்பதற்கு அந்தப் பந்து நல்ல பாடம். உள்ளே வரும் என்று நம்பி லெக் பக்கம் மட்டையைத் திருப்பும்போது, பந்து வெளியே விலகினால் மட்டையின் நடுவில் படாது. முன்விளிம்பில் பட்டு ஆஃப் பக்கம் மேலெழும். ஆஃப் ஸ்பின்னரின் தூஸ்ராவுக்கு ஸ்லிப்பில் போகும் கேட்சை மட்டும் எதிர்பார்க்காமல், மிட் ஆஃபிலும் நல்ல கையுள்ளவரை நிறுத்துவது இதனால்தான்.

அப்படின்னா இப்போ ஏன் யாரும் தூஸ்ரா போடறதில்ல?

முழங்கைதான் காரணம். லெக் ஸ்பின்னரின் பந்து சுண்டுவிரல் பக்கமாக வெளியேறுகிறது. மணிக்கட்டைத் திருப்பும்போது அந்தப் பக்கம் மட்டையாளரை நோக்கி முன்னால் வருவதால் பந்துக்கு வழி தாராளமாகக் கிடைக்கிறது. ஆஃப் ஸ்பின்னரிடம் வேலை செய்வது ஆட்காட்டி விரல். அவர் கையை அதேபோல் திருப்பினால் அந்த விரல் பின்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. அங்கிருந்து பந்தை முன்னே தள்ள வலு கிடைப்பதில்லை. அந்த வலுவுக்காகப் பெரும்பாலோர் முழங்கையை மடக்கி, வீசும்போது நிமிர்த்துகிறார்கள். கூடுதலாக நிமிர்த்தினால் அது எறிதல்.

2004-இல் முத்தையா முரளிதரனின் தூஸ்ரா குறித்துப் புகார் எழுந்தது. ஆஸ்திரேலியாவில் ஆய்வகத்தில் அளந்தபோது முழங்கை 14 டிகிரி நிமிர்ந்தது. திருத்தப் பயிற்சிக்குப் பின் 10 டிகிரி அளவுக்கு இறங்கியது. சுழற்பந்துக்கு அப்போதிருந்த வரம்பு 5 டிகிரி என்பதால் அந்தப் பந்தை வீசக் கூடாது என்றார்கள். 2005 மார்ச் முதல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 டிகிரி என்று விதி மாறியது. 2014-இல் சயீத் அஜ்மல் அந்த வரம்பையும் தாண்டியதாகத் தடை செய்யப்பட்டார். கைவீச்சை மாற்றிக்கொண்டு திரும்பியவரிடம் பழைய கூர்மை இல்லை. அதன்பின் இளைஞர்களுக்குத் தூஸ்ரா கற்பிக்கும் துணிவு பயிற்சியாளர்களுக்குக் குறைந்துவிட்டது. நானும் கற்பிப்பதில்லை.

நம்ம லீக் மேட்ச்ல அம்பயர் 15 டிகிரியை எப்படி அளப்பார்? மணிக்கட்டை மடக்கினாலே நோ பால்னு ஒருத்தர் சொன்னாரே?

அளக்க மாட்டார், வெறுங்கண்ணால்தான் முடிவெடுப்பார். கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து வெளியேறும்வரை மடங்கிய முழங்கை நிமிரக் கூடாது என்பதே விதி. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நிமிர்ந்தால் அவர் நோ பால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். மணிக்கட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு. மணிக்கட்டை மடக்குவதையும் திருப்புவதையும் விதி தடுப்பதில்லை. தடுத்திருந்தால் கூக்ளியே இருந்திருக்காது. பிறவியிலேயே முழங்கை முழுதாக நிமிராதவர்களும் உண்டு. மடங்கியிருப்பது குற்றமல்ல, வீசும்போது நிமிர்வதுதான் குற்றம்.

தூஸ்ரா வேணாம்னா, ஆஃப் ஸ்பின் போடற என் தம்பி வெளிய போற பந்துக்கு என்ன பண்ணுவான்?

அஸ்வின் வீசிய கேரம் பந்தைப் பழகலாம். கேரம் காயைச் சுண்டுவதுபோல், மடக்கிய நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பந்தைப் பிடித்து முன்னோக்கிச் சுண்டுவது அது. சென்னைத் தெருக்களின் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் இதைச் சொடுக்கு பந்து என்பார்கள். இதில் முழங்கைக்கு வேலையே இல்லை. ஆனால் இதன் மறைப்பு வேறு வகை: மணிக்கட்டு மாறாது, பிடி மாறும். ஆகவே ஓடிவரும்போது மறுகையால் பந்தை மூடிக்கொள்ளாவிட்டால் எதிரே நிற்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பாலாத்து மணல்ல டென்னிஸ் பந்துல கூக்ளி போட்டுப் பழகினா லெதர் பந்துக்கு உதவுமா?

மணிக்கட்டு திரும்பப் பழகும்; அதுவரை நல்லது. ஆனால் டென்னிஸ் பந்து இலேசானது. விரல் அழுத்தினால் அமுங்கும். அதில் தையல் இல்லாததால் மோதிர விரலுக்குப் பற்றுக்கோடும் இல்லை. அதனால் பையன்கள் விரலை விட்டுவிட்டு முழுக்க மணிக்கட்டை உதறிச் சுழற்றப் பழகுகிறார்கள். லெதர் பந்தில் அதையே செய்தால் பந்து சுழலாமல் தலைக்கு மேல் போகும். மணலில் பழகுபவர்கள் வாரத்தில் பாதி நாளாவது லெதர் பந்தை உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கையிலிருந்து மறுகைக்குச் சுண்டிப் பழக வேண்டும்.

குல்தீப் யாதவ் போடற கூக்ளி வெளிய போகுதே, அது எப்படி கூக்ளி ஆகும்?

அவர் இடது கையால் மணிக்கட்டைக் கொண்டு வீசுபவர். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் இடம் மாறும்: அவருடைய வழக்கமான பந்து வலது கை மட்டையாளருக்கு உள்ளே வரும், புறங்கை தெரிய வீசும் கூக்ளி வெளியே போகும். அதே பந்து இடது கை மட்டையாளருக்கு உள்ளே வரும். முதல் பதிலில் திசையைச் சொல்லி விளக்கியது வலது கைக்காரர்களுக்கு மட்டுமே பொருந்தும்; பொதுவாகச் சொன்னால், மணிக்கட்டால் சுழற்றுபவர் தம் வழக்கமான பந்துக்கு எதிர்த்திசையில் திருப்பும் பந்தே கூக்ளி. ஆகவே ஒரு ஓவரின் நடுவில் இடது கை மட்டையாளர் வந்து நின்றால், பந்துவீச்சாளர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கீப்பர்தான் தன் கால்களை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று புதிதாக யோசிக்க வேண்டும்.